ஹட்டன் உணவகத் திட்டம்: முக்கியப் பாதை பாதியில் தொடங்கியது ஏன்?

ஹட்டனில் சிறிய உணவகம் ஒன்றைக் கட்டித் திறப்பதற்கு மைக்ரோசொஃப்ட் புரொஜெக்டில் வரைந்த கான்ட் வரைபடத்தில், சமையலறை உபகரணம் பொருத்துவதிலிருந்து திறப்பு விழா வரையான வேலைகள் மட்டுமே முக்கியப் பாதையாக, அதாவது தாமதித்தால் திறப்பு நாளையே தள்ளிவிடும் வேலைகளாக, சிவந்திருந்தன. மழையைக் கருதிக் கூரை வேலையை 5 நாள் நீட்டியபோதும் திறப்பு நாள் அசையவில்லை. மலைநாட்டு மழையை அறிந்த எவரும் இதை நம்பமாட்டார்கள்.

முன்வேலைத் தொடர்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், எதுவும் அறுந்திருக்கவில்லை. வேலைநாள் நாட்காட்டியை மாற்றியும் பயனில்லை.

திறப்பு நாளைத் தள்ளாமல் ஒரு வேலை எத்தனை நாள் தாமதிக்கலாம் என்று காட்டும் `Total Slack` நிரலைச் சேர்த்தபோதுதான் வழி பிறந்தது. அத்திவாரம், சுவர், கூரை, தரை ஓடு ஆகிய அனைத்திலும் ஒரே 12 நாள் அவகாசம் இருந்தது. உபகரண வேலையின் பட்டையைச் சுட்டியால் இழுத்து நகர்த்தியிருந்ததால், மென்பொருள் தானாகவே அதற்கு, குறித்த நாளுக்கு முன் தொடங்கக் கூடாது என்னும் `Start No Earlier Than` கட்டுப்பாட்டை இட்டிருந்தது. வரிசையின் ஓரத்தில் தெரியும் சிறு நாட்காட்டிச் சின்னம் மட்டுமே அதற்கு அடையாளம். அதை யார் கவனிக்கிறார்கள்!

`Constraint Type` நிரலில் அதை `As Soon As Possible` என மாற்றியவுடன் திறப்பு நாள் 12 நாள் முன்னே வந்தது. அத்திவாரம் முதல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வருகை, திறப்பு விழா வரை பாதை முழுவதும் சிவந்தது. பெயர்ப்பலகை மட்டும் நீலமாக நின்றது. உபகரணம் வந்துசேரும் நாள் உண்மையிலேயே உறுதியானதாக இருந்தால் மட்டும் அக்கட்டுப்பாட்டை நீக்கக் கூடாது.