அந்தோணிக்குப் படகு வேண்டும், தேவையோ வேறு

காசிமேட்டை வைத்து நான் எழுதிய முதல் கதையில் அந்தோணிக்கு 'மரியாதை' வேண்டியிருந்தது. பத்துப் பக்கம் போயும் மனிதர் ஒன்றும் செய்யவில்லை. மரியாதையை எந்தக் கடையில் போய் வாங்குவார்? கதாபாத்திரம் தனக்கு வேண்டும் என்று துரத்துவது ஆசை, உண்மையில் அவருக்கு வேண்டியது தேவை. இரண்டையும் பிரித்து அந்தக் கதையைத் திருத்திய வழியைச் சொல்கிறேன்.

முதலில், ஆசையைக் கண்ணால் பார்க்கக்கூடிய பொருளாக்குங்கள். அதற்கு ஒரு கெடுவும் வையுங்கள். அந்தோணி அடுத்தவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். தடை முடிந்து படகுகள் கிளம்பும்போது ஒன்றில் தனக்கும் பங்கு இருக்க வேண்டும் என்கிறார். இனி வாசகர் நாளையும் பணத்தையும் எண்ணிக்கொண்டே வருவார்.

அடுத்தது தேவை. சறுக்குவது இங்கேதான். 'அவருக்கு அன்பு தேவை' என்று எழுதினால் அது காலண்டர் வாசகம். தேவையையும் ஒரு செயலாக எழுதுங்கள். அந்தோணியின் மூத்த மகன் கடலில் இறந்துபோனான். அன்று அதே படகில் இருந்த இளையவனிடம், என்ன நடந்தது என்று அவர் இதுவரை கேட்டதில்லை. கேட்க வேண்டும், அவன் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இது அவருக்கே தெரியாது. சொந்தப் படகு வந்தால் வீடு பழையபடி ஆகிவிடும் என்று நம்புகிறார்.

இப்போது ஒரு சோதனை. முதல் பக்கத்திலேயே படகுப் பங்கை இலவசமாகக் கொடுத்துவிடுங்கள். மகனோடு இருக்கும் மௌனமும் தீர்ந்துவிட்டால் ஆசையும் தேவையும் ஒன்றுதான், கதை இல்லை.

காட்சிகளுக்கு வருவோம். ஆசை ஒரு படி நெருங்கும்போது, அதே காரணத்தால் தேவை ஒரு படி விலக வேண்டும். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த நகை வண்ணாரப்பேட்டை அடகுக்கடைக்குப் போகிறது. பணம் சேர்கிறது, மகன் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்துகிறான். புயல், கடன்காரர், காய்ச்சல் என்று தடங்கல்களை மட்டும் அடுக்கினால் இந்த இழுபறி வராது.

தேவையை யாரும் வாயால் சொல்லக் கூடாது. என் வரைவில் அத்தை ஒருத்தி வந்து, "பிள்ளையிடம் பேசுடா" என்றாள். அவளை எடுத்துவிட்டேன். பதிலுக்கு அப்பாவும் மகனும் வலை கட்டும் காட்சியை வைத்தேன். அறுந்த கண்களை முடிந்துகொண்டே வந்த மகனின் ஊசி நிற்கிறது. "அன்றைக்கு அண்ணன்..." என்கிறான். அந்தோணி வலையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு, "கண் பெரிதாக விழுந்திருக்கிறது, பிரித்துக் கட்டு" என்கிறார்.

கடைசியில், இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்ற நிலைக்குத் தள்ளுங்கள். ஜூன் 13 அன்று படகுப் பங்காளி சொல்கிறார்: "மீதிப் பணத்தை மெதுவாகக் கொடு. உன் பையனைப் படகுக்கு ஆளாக அனுப்பு." அனுப்பினால் அது துயரக் கதை, மறுத்தால் வேறு கதை. எது நடந்தாலும் சரி, எங்கிருந்தோ பணம் வந்து இரண்டும் கைகூடுவது மட்டும் வேண்டாம். நான் மறுக்க வைத்தேன். அந்தோணி வீட்டுக்கு வந்து மகனுக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.