அன்பளிப்பு, நலன் முரண்: நடத்தை விதிகளைத் தமிழாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவன நடத்தை விதிகளில் திருட்டு, வன்முறை, தொந்தரவு பற்றிய பிரிவுகள் சுமாராக மொழிபெயர்க்கப்பட்டிருந்தாலும் பணியாளர் சமாளித்துக்கொள்வார். அவை தவறு என்று அவருக்கு முன்பே தெரியும். அன்பளிப்பும், சொந்த நலன் அலுவலக முடிவில் குறுக்கிடும் நிலையான நலன் முரணும் அப்படியல்ல. பொருள் வழங்கும் ஒருவர் நீட்டும் பெட்டியை மரியாதைக்காக வாங்கிக்கொள்வதும், தம்பி வேலை பார்க்கும் நிறுவனத்தின் விலைப்புள்ளியை மற்றவற்றோடு சேர்த்துப் பரிசீலிப்பதும் பார்வைக்கு இயல்பான காரியங்கள். அவை எந்த இடத்தில் விதிமீறலாகின்றன என்பதை விதியின் வாசகம் மட்டுமே சொல்ல முடியும். வாசகம் குழம்பினால் பணியாளருக்கு வேறு வழிகாட்டி இல்லை.

ஆங்கில மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றிய தமிழாக்கங்களில் அன்பளிப்புப் பிரிவு பெரும்பாலும் இப்படித்தான் வந்து நிற்கும்:

“ஊழியர்கள் தங்கள் வணிகத் தீர்ப்பைப் பாதிக்கக்கூடிய அல்லது பாதிப்பதாக நியாயமாக உணரப்படக்கூடிய எந்தவொரு பரிசு, பொழுதுபோக்கு மற்றும் விருந்தோம்பலை விற்பனையாளர்களிடமிருந்து நேரடியாக அல்லது மறைமுகமாக ஏற்காமல் இருக்கலாம். பெயரளவு மதிப்புடைய பரிசுகள், வெளிப்படுத்தலுக்கு உட்பட்டு, ஏற்கப்படலாம்.”

இதில் மிக ஆபத்தானது ‘ஏற்காமல் இருக்கலாம்’. மூலத்தில் ‘மே நாட்’ என்று இருந்திருக்கும். ‘மே’ என்றாலே ‘லாம்’ என்று பழகிய கை, எதிர்மறையிலும் அதையே போட்டுவிடுகிறது. ஆனால் விதி மொழியில் ‘மே நாட்’ என்பது தடை. ‘ஏற்காமல் இருக்கலாம்’ என்று படிப்பவர், விரும்பினால் ஏற்கலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம் என்றுதான் புரிந்துகொள்வார். தடை தலைகீழாக மாறி விருப்பமாகிவிடுகிறது. தடை என்றால் ‘கூடாது’, கட்டாயம் என்றால் ‘வேண்டும்’, அனுமதி என்றால் ‘லாம்’. இந்த மூன்றையும் தொகுப்பு முழுக்க ஒரே மாதிரி கையாள வேண்டும். மூலத்தில் ‘ஷுட்’ என்று வரும் இடங்களில் அது கட்டாயமா, பரிந்துரையா என்பதைச் சட்டப் பிரிவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பரிந்துரை என்றால் ‘செய்வது நல்லது’ என்று எழுதலாம். இரண்டுக்கும் ‘வேண்டும்’ என்றே எழுதிவிட்டால், எதை மீறினால் நடவடிக்கை வரும் என்பது பணியாளருக்குத் தெரியாமலே போகும்.

அடுத்தது ‘மற்றும்’. ‘பரிசு, பொழுதுபோக்கு மற்றும் விருந்தோம்பலை ஏற்கக் கூடாது’ என்றால் மூன்றும் சேர்ந்து வந்தால்தான் தடையா என்று ஒருவர் வாதிட இடமிருக்கிறது. ‘அல்லது’ போட்டாலும் எதிர்மறை வினையோடு அது சரியாக ஒட்டுவதில்லை. இதற்குத் தமிழிலேயே தெளிவான வழி இருக்கிறது: ‘பரிசையோ விருந்தையோ வேறு சலுகையையோ பெறக் கூடாது’. ஓகாரம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தடைக்குள் கொண்டுவருகிறது.

இனிப் பெயர்கள். மூலத்தில் ‘என்டர்டெயின்மென்ட்’ என்பது வணிகத் தொடர்பில் ஒருவர் தன் செலவில் தரும் விருந்து, நிகழ்ச்சிக்கான டிக்கெட், சுற்றுலா போன்றவற்றைக் குறிக்கிறது. ‘பொழுதுபோக்கு’ என்று எழுதினால் பணியாளருக்குத் தொலைக்காட்சிதான் நினைவுக்கு வரும். ‘விருந்தோம்பல்’ இன்னும் சிக்கலானது. தமிழில் அது அறம். அதை ஏற்காதே என்று ஓர் அலுவலகம் சொல்வது படிப்பவருக்கு உறுத்தும், அல்லது வேறு எதையோ சொல்கிறார்கள் என்று கடந்துபோவார். ‘விருந்து, பயணச் செலவு, நிகழ்ச்சி டிக்கெட்’ என்று பொருள்களாகவே சொல்லிவிடுவது மேல். ஆனால் அந்தப் பட்டியல் மூலத்தின் வரையறைப் பகுதியில் இருப்பதாக இருக்க வேண்டும். நாமாகக் கூட்டவும் குறைக்கவும் கூடாது.

‘மறைமுகமாக’ என்ற சொல்லைப் பலரும் யோசிக்காமல் எழுதிவிடுகிறார்கள். அதைக் கேட்டதும் ஒளித்து, யாருக்கும் தெரியாமல் என்ற எண்ணம் வருகிறது. மூலத்தின் ‘இன்டைரக்ட்லி’ இங்கே சொல்வது வேறொருவர் வழியாகப் பெறுவதை. பொருள் வழங்குபவர் உங்கள் மகளுக்கு ஒரு பரிசுக் கூப்பனை எல்லோர் முன்னிலையிலும் கொடுத்தால் அதில் மறைவு எதுவும் இல்லை. ஆனாலும் அது இந்த விதிக்குள் வரக்கூடியது. ‘நீங்களாகவோ உங்களுக்காக வேறொருவர் மூலமாகவோ’ என்று எழுதினால் ஐயம் நீங்கும்.

‘விற்பனையாளர்’ என்றால் கடையில் நின்று விற்பவர் என்றும் பொருள்படும். நிறுவனத்துக்குப் பொருளோ சேவையோ வழங்குபவர் என்று விரித்துச் சொல்ல வேண்டிய இடம் இது. சப்ளையர் என்றாலும் எல்லோருக்கும் புரியும். ‘பெயரளவு மதிப்பு’ என்பது பத்திரத்தின் முகமதிப்பை நினைவூட்டும். ‘மதிப்புக் குறைந்த’ என்பது சரி. மூலத்தில் தொகை வரம்பு வேறெங்காவது இருந்தால் அதை இங்கேயே கொண்டுவரலாமா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களாக ஒரு தொகையை நிரப்ப வேண்டாம்.

இப்போது அதே பிரிவைத் தமிழில் யோசித்து எழுதினால்:

“நிறுவனத்துக்குப் பொருளோ சேவையோ வழங்குபவர்களிடமிருந்து, உங்கள் அலுவலக முடிவைப் பாதிக்கக்கூடிய பரிசையோ விருந்தையோ நிகழ்ச்சி டிக்கெட்டையோ நீங்கள் பெறக் கூடாது. முடிவு பாதிக்கப்படாது என்று நீங்கள் கருதினாலும், பாதிக்கும் என்று பிறர் எண்ணுவதற்குத் தக்க காரணம் இருந்தால் அப்போதும் பெறக் கூடாது. உங்களுக்காக வேறொருவர் பெற்றுக்கொள்வதும் இதில் அடங்கும். மதிப்புக் குறைந்த பரிசை மட்டும் பெறலாம். பெற்றால் அதைத் தெரிவிக்க வேண்டும்.”

இரண்டு வாக்கியம் ஐந்தாகியிருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால், நீண்ட வாக்கியத்தில் ‘கூடாது’ என்ற தடையே முடிவில்தான் தெரியும். அதற்குள் நிபந்தனைகள் எதனோடு ஒட்டுகின்றன என்பது மறந்துபோகிறது. தடைக்கு ஒரு வாக்கியம், விலக்குக்கு ஒரு வாக்கியம் என்று பிரிப்பதே பாதுகாப்பு. ‘யாரிடம் தெரிவிக்க வேண்டும்?’ என்ற கேள்வி இதில் பாக்கி இருக்கிறது. மூலமும் இந்தப் பிரிவில் அதைச் சொல்லவில்லை என்றால், சட்டப் பிரிவிடம் கேட்டு விடையை வாங்கிச் சேர்க்க வேண்டும்.

‘வெளிப்படுத்தல்’ என்பதை ‘தெரிவிக்க வேண்டும்’ என்று மாற்றியதற்குக் காரணம் உண்டு. வெளிப்படுத்துவது என்றால் ஊரறியச் செய்வது, குற்றத்தை ஒப்புக்கொள்வது என்ற சாயல் வந்துவிடுகிறது. 2003-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு, பொது ஊழியர்கள் தங்கள் வெளிப்பணிகள், முதலீடுகள், நலன் முரணுக்கு இடம்தரும் கணிசமான அன்பளிப்புகள் ஆகியவற்றை உரிய அதிகாரியிடம் தெரிவிக்கும் ஏற்பாட்டைப் பற்றிப் பேசுகிறது. ஊருக்கு அறிவிப்பது பற்றி அது பேசவில்லை. நிறுவன விதிகளின் நோக்கமும் பெரும்பாலும் அதுவே. பணியாளர் பயமில்லாமல் வந்து சொல்ல வேண்டும். அதற்கு ‘தெரிவி’ என்ற எளிய வினை போதும்.

இந்தப் பயம் நலன் முரண் பிரிவில்தான் அதிகம் சேதம் செய்கிறது. முதலில் பெயர். மூலத்தில் அது ‘கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்டரெஸ்ட்’. ‘வட்டி முரண்பாடு’, ‘ஆர்வ மோதல்’ போன்றவை அகராதியின் முதல் சொல்லை எடுத்ததால் வந்த பிழைகள். கண்ணில் பட்டால் திருத்திவிடுவோம். ‘நலன்களின் மோதல்’ பார்வைக்குச் சரியாக இருந்தாலும், இரண்டு பேருக்கு இடையே நடக்கும் சண்டை என்று படிக்கப்படுகிறது. செய்திகளில் காணப்படும் ‘இரட்டை ஆதாயம்’ இரண்டு பக்கமும் பணம் பெற்றவரைச் சுட்டுகிறது. ஒரு காசு கைமாறாமலே நலன் முரண் உண்டாகலாம் என்பதை அது மறைத்துவிடுகிறது. ‘நலன் முரண்’ என்ற பெயரை வைத்து, முதல் முறை வரும்போதே விளக்கிவிடுவதை நான் பரிந்துரைப்பேன்: “நிறுவனத்துக்காக நீங்கள் எடுக்கும் முடிவில் உங்கள் சொந்த நலனோ உங்களுக்கு நெருங்கியவர்களின் நலனோ குறுக்கிடும் நிலை.”

‘நிலை’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ‘நலன் முரணில் ஈடுபடக் கூடாது’ என்று எழுதும்போது அது ஒரு குற்றச்செயலாகிவிடுகிறது. ஒருவர் எதுவுமே செய்யாமல் அந்த நிலைக்குள் வந்துவிடலாம். அவர் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். அவருடைய அக்கா போன மாதம் ஒரு சப்ளையர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறார். அவ்வளவுதான். தெரிவிக்காமல் இருப்பதும், தெரிந்தும் அந்த முடிவில் பங்கெடுப்பதுமே பெரும்பாலும் மீறலாகின்றன. ஆகவே ‘ஏற்பட்டால்’, ‘இருந்தால்’ என்ற வினைகளே இங்கே பொருந்தும்.

பிறகு, ‘உண்மையான, சாத்தியமான, உணரப்பட்ட நலன் முரண்’ என்ற மூன்று அடைமொழிகள். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் அரசுப் பணிக்காக 2003-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இப்படி மூவகை பிரிக்கிறது. தமிழில் ‘உணரப்பட்ட’ என்றால் யார் உணர்ந்தார் என்று தெரியாது. பணியாளர் தான் உணர்ந்தால் மட்டும் தெரிவித்தால் போதும் என்று எண்ணிவிடுவார். இதில் உணர்பவர் வெளியாள். “இப்போது இருக்கும் நலன் முரண், இனி ஏற்படக்கூடியது, உண்மையில் இல்லாவிட்டாலும் பிறருக்கு இருப்பதாகத் தோன்றக்கூடியது” என்று எழுதினால் மூன்றும் தனித்தனியே விளங்கும்.

உறவுமுறைகளில் ஆங்கிலத்தின் ஒரு சொல் தமிழில் பலவாகப் பிரியும். ‘பிரதர் இன் லா’ என்பதற்கு ‘மைத்துனர்’ என்று மட்டும் எழுதினால், மனைவியின் சகோதரியைக் கட்டிய சகலை விதிக்கு வெளியே நிற்பார். கொழுந்தனும் அக்காவின் கணவரும் உள்ளே இருக்கிறார்களா என்பதும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் வழக்கைப் பொறுத்தது. சட்டப் பிரிவிடம் யார் யார் என்று கேட்டு, ‘உங்கள் உடன்பிறந்தோரின் கணவர், உங்கள் கணவரின் அல்லது மனைவியின் உடன்பிறந்தோர், அந்த உடன்பிறந்தோரின் கணவர்’ என்று உறவை விரித்து எழுதுங்கள். ‘சகோதரர்’ என்பதைவிட ‘உடன்பிறந்தோர்’ நல்லது. தங்கையும் அக்காவும் விடுபடமாட்டார்கள். ‘உடனடிக் குடும்பம்’ தமிழே அல்ல. இன்னொன்று: ‘பணியாளர் சப்ளையரைத் தேர்ந்தெடுக்கும்போது அவரது உறவினர்’ என்றால் யாருடைய உறவினர்? ‘தம்’ என்றோ, பிரிவு முழுவதையும் ‘நீங்கள்’ என்றோ மாற்றினால் இந்த மயக்கம் போய்விடும்.

மொழிபெயர்ப்பு முடிந்ததும் அதை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பது வழக்கம். சொல்லுக்குச் சொல் ஆக்கிய தமிழ் அதில் எளிதாகத் தேறிவிடும். ‘உணரப்பட்ட’ அழகாகப் பழைய ஆங்கிலச் சொல்லுக்கே திரும்பிப் போகும். அதைவிட நிகழ்வுகளைக் கொடுத்துச் சோதியுங்கள். மகளுக்கு வந்த கூப்பன்; விலைப்புள்ளி கொடுத்த நிறுவனத்தில் வேலை பார்க்கும் சகலை; மேலாளர் சம்மதித்த ரொக்க அன்பளிப்பு. ஆங்கில மூலத்தின்படி ஒவ்வொன்றுக்கும் விடை என்ன என்று சட்டப் பிரிவிடம் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மூலத்தைப் பார்த்திராத சில பணியாளர்களிடம் தமிழ்ப் பிரதியை மட்டும் கொடுத்து, ‘வாங்கலாமா, யாரிடம் சொல்ல வேண்டும்?’ என்று கேளுங்கள். விடையோடு நிற்காமல் எந்த வரியைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சரியான விடையைச் சொல்லியும் வரியைக் காட்ட முடியாதவர், ஊகித்துச் சொல்கிறார். அந்த வரி இன்னும் வேலை செய்யவில்லை. விடைகள் பிரியும் இடத்தில் அடிக்குறிப்பு போட்டுச் சமாளிக்காமல் வாக்கியத்தையே மாற்றுங்கள். மூலமே இரண்டு விடைக்கு இடம் தருகிறது என்று தெரிந்தால், அந்தக் கேள்வியைச் சட்டப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்பி, பதில் வரும்வரை அந்தப் பிரிவை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.