சொட்டுநீர்க் குழாய் அடைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி சென்ற மாதம் வாழைக்குப் புதிதாகச் சொட்டுநீர் போட்டார். ஒரு மாலையில் அவர் வடிகட்டியின் வலையைக் கழற்றித் திண்ணையில் காயவைத்துவிட்டு மோட்டாரைப் போட்டதைப் பார்த்தபோது, ஏழு வருடங்களுக்கு முன் நான் செய்த அதே காரியம் கண்முன் வந்தது. வடிகட்டி வாங்காமலே குழாய் போடுவது போன்ற, எவருக்கும் தெரிந்த பிழைகளை இங்கே எழுதவில்லை.

வலையைக் கழற்றிவிட்டு ஓட்டுவது

இந்தத் தவறு முதல் நாள் வெற்றியைப் போலத் தெரியும் என்பதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. மழைக்குப் பின் எங்கள் கிணறு கலங்கியிருந்தது. மும்முனை மின்சாரம் இரவில்தான் வந்தது. கடைசி வரிசைகளுக்கு அழுத்தம் போதவில்லை. வடிகட்டி அடைத்துக்கொண்டிருப்பது புரிந்தும், அந்த நேரத்தில் கழுவச் சலித்து, வலையை எடுத்துவிட்டு மூடியை மட்டும் திருகினேன். அழுத்தம் உடனே ஏறியது. காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தது பதினொரு நாள் தள்ளிப்போயிற்று.

வலை 120 மெஷ் என்றால் அதன் கண் ஏறத்தாழ 0.13 மில்லிமீட்டர். டிரிப்பருக்குள் நீர் வளைந்து நெளிந்து போகும் பாதையோ ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. அவ்வளவு சிறிய கண் எதற்கு என்று கேட்கத் தோன்றும். பாதையைவிடச் சிறிய துகள்கள்கூட இரண்டு மூன்றாகச் சேர்ந்து வளைவில் மாட்டிக்கொள்ளும் என்பதால், வலையின் கண் பாதையின் பத்தில் ஒரு பங்கை ஒட்டியிருக்க வேண்டும். வண்டல் உடனே அடைப்பதில்லை. நீரின் வேகம் குறைந்த கடைக்கோடியில் மெல்லப் படிந்து, சில வாரங்கள் கழித்துத்தான் தன்னைக் காட்டும்.

எனக்கு அது வாழை இலையில் தெரிந்தது. கடைசி வரிசைகள் வெளுத்த பிறகு, பன்னிரண்டு டிரிப்பர்களின் அடியில் டம்ளர் வைத்து மூன்று நிமிடம் பிடித்து அளந்தேன். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் என்றால் ஒவ்வொன்றிலும் 200 மில்லி விழ வேண்டும். மொத்தச் சராசரி 150 மில்லி; மிகக் குறைவாக விழுந்த மூன்றின் சராசரி 90 மில்லி. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 60 விழுக்காடு. இது 90-க்கு மேல் இருந்தால் நல்லது. 70-க்குக் கீழே போனால் ஒரு மரம் தாகத்திலும் அடுத்த மரம் சேற்றிலும் நிற்கிறது என்று பொருள். என்னுடையவை குழாய்க்குள்ளேயே பதிந்த இன்லைன் டிரிப்பர்கள் என்பதால் தனியாகக் கழற்றி மாற்ற வழியில்லை. வரிசை நெடுக ஓடும் லேட்டரல் குழாய்களில் ஒன்பதை முழுதாகவே மாற்ற நேர்ந்தது.

வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்தமானிகளைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 0.5 கிலோ வித்தியாசம் வந்துவிட்டால், மணி எதுவானாலும் மோட்டாரை நிறுத்திக் கழுவ வேண்டும். வெளிப்பக்க வால்வை மூடிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இல்லையேல் கழுவும் அழுக்கே குழாய்க்குள் இறங்கும். கம்பித் தூரிகை வேண்டாம், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். கழுவிய வலையை வெயிலுக்கு நேரே பிடித்துக் கிழிசல் தேடுங்கள். இரு முனைகளின் ரப்பர் வளையங்களையும் பாருங்கள். வளையம் விலகிய வடிகட்டியும் வலையில்லாத வடிகட்டியும் ஒன்றுதான்.

எல்லா முனைகளையும் ஒரே நேரத்தில் திறப்பது

குழாயைக் கழுவுகிறேன் என்று எல்லா எண்ட் கேப்பையும் திறந்துவிட்டால் நீர் எங்கும் வழியுமே தவிர, வண்டல் அசையாது. முதலில் மெயின், பிறகு சப்மெயினின் ஃபிளஷ் வால்வு, அதன் பிறகே லேட்டரல்கள். அவற்றையும் நான்கைந்தாகத் திறக்க வேண்டும். 16 மில்லிமீட்டர் லேட்டரலின் முனையில் ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்தால் இருபது வினாடிக்குள் நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் திறந்தவற்றில் ஒன்றிரண்டை மூடுங்கள். தெளிந்த நீர் வரும்வரை விட்டுவிட்டு, மூடிக்கொண்டு அடுத்த நான்குக்குப் போகலாம்.

ஊக்கால் குத்துவது

குத்தாதீர்கள், வாய் பெரிதாகி அந்த ஒரு டிரிப்பர் மட்டும் நிரந்தரமாகக் கூடுதல் நீர் கொட்டும்.

மண் அடைப்புக்கு ஆசிட் விடுவது

அடைத்த டிரிப்பர் ஒன்றை வெட்டிப் பார்க்காமல் ஆசிட் வாங்கக் கூடாது. உள்ளே வெள்ளைப் படிவு இருந்து, அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட் பட்டதும் நுரைத்தால் அது ஆழ்துளைக் கிணற்று உப்பு. அதற்கே ஆசிட் வேலை செய்யும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை அல்ல. கடைசி டிரிப்பரில் விழும் நீர் பிஎச் தாளில் 4 காட்டும்வரை செலுத்தி, 24 மணி நேரம் குழாயிலேயே நிறுத்திவைத்து, பிறகு மேலே சொன்ன வரிசையில் கழுவிவிட வேண்டும். வழுவழுப்பான பாசி என்றால் குளோரின். களிமண் என்றால் இரண்டுமே வீண், நீர் வேகம் ஒன்றுதான் வழி.

ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்து

ஒருபோதும் கூடாது, நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்.