முதல் பேச்சிலேயே கிளையன்ட் ரேட் கேட்டால் என்ன சொல்வது?

"ஒரு வெப்சைட்டுக்கு எவ்வளவு வாங்குவீங்க?" பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடமே இந்தக் கேள்வி வந்துவிடும். வேலை என்னவென்று தெரியாமல் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், பிறகு மொத்தப் பேச்சும் அதைச் சுற்றியே ஓடும். அதனால் நான் இந்த வரிசையில்தான் போகிறேன்.

1. மணி நேர ரேட்டை முதலில் போட்டு வையுங்கள். ஆண்டுக்கு 46 வாரம், வாரத்துக்கு 25 மணி நேரம் பில் போட முடிந்தால் மொத்தம் 1,150 மணி நேரம். உங்களுக்கு வேண்டிய வருமானம், தொழில் செலவு, வரி மூன்றையும் கூட்டி அதை 1,150-ஆல் வகுங்கள். வாரத்துக்கு 40 என்று கணக்கு வைக்காதீர்கள். மெயில், பில், புது வேலை தேடுவது இவற்றுக்கெல்லாம் யாரும் காசு தருவதில்லை.

2. தொகைக்கு முன் மூன்று கேள்வி. "வேலையைப் புரிஞ்சுக்கிட்டுச் சொல்றேங்க" என்று தொடங்குங்கள். எத்தனை பக்கம்? எழுத்தும் படமும் யார் தருவார்கள்? கடைசியில் ஓகே சொல்வது யார்? மூன்றாவதற்கு "நாங்க நாலு பேரும் பார்ப்போம்" என்று பதில் வந்தால், திருத்தம் நாலு பக்கமிருந்தும் வரும். கருத்துகளைத் தொகுத்து ஒரே ஆள் அனுப்ப வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

3. தொகை. 7 பக்கம், பக்கத்துக்கு 6 மணி நேரம் என்றால் 42. சோதனைக்கு 6, பேச்சுக்கும் மெயிலுக்கும் 8. ஆக 56. எதிர்பாராததற்குக் கால் பங்கு, அதாவது 14 சேர்த்தால் 70. இதை ரேட்டால் பெருக்கி, முழுத் தொகையாகச் சொல்லுங்கள். சொன்னதும் நிறுத்திவிடுங்கள். எதிர்முனை அமைதியானால் பலரும் பதறிப்போய், "வேணும்னா குறைச்சுக்கலாம்" என்று தாங்களே ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அவர் மனக்கணக்குதான் போட்டுக்கொண்டிருப்பார். பொறுங்கள்.

"கொஞ்சம் குறைங்களேன்" என்று அவரே கேட்டால் ரேட்டில் கை வைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். "ரெண்டு பக்கத்தை அப்புறம் பண்ணிக்கலாம்னா 55 மணி நேரத்துக்கான தொகை வரும்" என்று சொல்லுங்கள். காரணமில்லாமல் ரேட்டைக் குறைத்தால், முதலில் சொன்னதே கூடுதல் என்று அவர் நினைப்பார்.

4. வேலை செய்யும் விதம். முன்பணம் பாதி, வந்த பிறகே தொடக்கம். தொகைக்குள் இரண்டு சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் மணிக் கணக்கு. வாரம் ஒரு நாள் நிலவரம் சொல்வேன்.

5. அன்றே மெயில். ஒரு பக்கம் போதும். செய்வது என்ன என்பதோடு, செய்யாதது என்ன என்றும் எழுதுங்கள்: "எழுத்து, படம், ஹோஸ்டிங் கட்டணம் இதில் சேராது." அலங்கார டெம்ப்ளேட்டை விட, மெயிலிலேயே நேராக எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கும். கிளையன்ட் அதைப் போனிலேயே படித்து "சரி" என்று பதில் போட்டுவிடலாம்.

பின்சேர்க்கை: "கேள்வியெல்லாம் வேண்டாம், நம்பரைச் சொல்லுங்க" என்று விடாப்பிடியாக நிற்பவரிடம் என்ன செய்வது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். ஏற்கெனவே முடித்த இரண்டு வேலைகளின் தொகையை, அவற்றின் அளவோடு சொல்லுங்கள்: "5 பக்கத்துக்கு இவ்வளவு, 12 பக்கத்துக்கு இவ்வளவு." முந்தைய கிளையன்ட்டின் பெயர் மட்டும் வேண்டாம்.