கடை தீப்பிடித்தால்: கிளெய்முக்கு இழப்புக் கணக்கு எழுதுவது எப்படி?

தக்கலையில் துணிக்கடை வைத்திருக்கிற என் அத்தான், ஓணத்துக்குச் சரக்கு இறக்கிய பத்தாவது நாள் மின்கசிவில் கடையைப் பறிகொடுத்தார். அவருக்காக உட்கார்ந்து எழுதிய கணக்கை வைத்தே சொல்கிறேன்.

முதலில் தகவல். அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பாலிசி எண்ணோடு எழுதிச் சொல்லுங்கள். தீயணைப்பு நிலையத்தில் சான்றும், காவல் நிலையத்தில் புகார் ரசீதும் வாங்குங்கள். இழப்பை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் அள்ளிக் கொட்டாதீர்கள். அத்தான் கடையில் நைட்டிக் கட்டு ஒன்று வெளியே கருகி, உள்ளே மடிப்புக் கலையாமல் இருந்தது. சர்வேயர் ஒவ்வொன்றாக விரித்து எண்ணினார். தீயை அணைத்த தண்ணீரில் நனைந்த துணியும் இழப்புதான், அதைத் தனியாக அடுக்கிப் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது இருப்புக் கணக்கு. "பத்து லட்சம் சரக்கு போச்சு" என்றால் எடுபடாது. ஏப்ரல் 1 அன்று இருந்த இருப்பு 8 லட்சம். அன்றிலிருந்து தீப்பிடித்த நாள்வரை கொள்முதல் 14 லட்சம். ஆக 22 லட்சம். விற்பனை 16 லட்சம், ஆனால் அதை அப்படியே கழிக்கக் கூடாது, அதில் லாபமும் இருக்கிறது. போன வருடக் கணக்குப்படி விற்பனையில் லாபம் 20 சதவீதம் என்பதால், விற்ற சரக்கின் அடக்கம் 12.80 லட்சம். மீதி 9.20 லட்சம் கடையில் இருந்திருக்க வேண்டும். நல்ல நிலையில் எண்ணிய சரக்கு 2.60 லட்சம் போக இழப்பு 6.60 லட்சம். சேதமான துணியை விற்றால் கிடைக்கும் 40 ஆயிரத்தையும் கழித்தால் 6.20 லட்சம். எல்லாத் தொகையும் ஜிஎஸ்டி சேர்க்காமல் இருக்கட்டும்.

பில் புத்தகம் எரிந்துவிட்டதே என்று அத்தான் கலங்கினார். ஜிஎஸ்டி தளத்தில் GSTR-2B எடுத்தால், மொத்த வியாபாரிகள் பதிவுசெய்த பில் எண்ணும் தேதியும் தொகையும் இருக்கும். அதைக் காட்டி ஈரோட்டுக்காரரிடம் நகல் கேட்டோம். இரண்டே நாளில் அனுப்பினார். விற்பனைக்கு, நாமே தாக்கல் செய்த GSTR-1. பில் வந்தும் சரக்கு வந்து சேராதது இருந்தால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம் பட்டியல். சேலை, வேட்டி, நைட்டி என்று வகை பிரித்து எண்ணிக்கை, அடக்க விலை, பில் எண், முழுச் சேதமா பாதியா என்று எழுதுங்கள். கூட்டுத்தொகை மேலே வந்த இழப்போடு ஒத்துப்போக வேண்டும். வங்கிக் கடனுக்கு மாதாமாதம் கொடுத்த இருப்பு அறிக்கையையும் சர்வேயர் கேட்பார். அதில் வேறு தொகை இருந்தால் காரணத்தை நீங்களே முன்கூட்டி எழுதிக் கொடுப்பது நல்லது.

எங்களுக்கு வலித்தது வேறு இடத்தில். 9.20 லட்சம் சரக்குக்கு அத்தான் 7 லட்சத்துக்குத்தான் பாலிசி எடுத்திருந்தார். 9.20-க்கு 7 என்ற அந்த விகிதத்தில் 6.20 லட்சம், சுமார் 4.72 லட்சமாகக் குறைந்தது. பாலிசியில் சொன்ன பிடித்தமும் அதிலிருந்து போனது.