வங்கியில் வந்த தொகை விற்பனைத் தொகை அல்ல

இளம்பிள்ளையிலிருந்து இணையச் சந்தை வழியாகச் சேலை விற்போர் பலர், வங்கிக்கு வரும் நிகரத் தொகையையே விற்பனையாக எழுதுகின்றனர். இது தவறு, இதனால் கழிவாகக் கிடைக்க வேண்டிய வரியும் கைவிட்டுப் போகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 5% ஜிஎஸ்டி உட்பட ரூ.1,050 வீதம் 20 சேலைகள் விற்று, 2 திரும்பி வந்தன. வங்கியில் வந்தது ரூ.15,250.

முதலில் சந்தையின் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, முழு ரூ.21,000-ஐ அதில் பற்று வையுங்கள், அதில் ரூ.20,000 விற்பனை, ரூ.1,000 செலுத்த வேண்டிய வரி. திரும்பிய சேலைகளுக்குக் கிரெடிட் நோட் போட்டு, விற்பனையில் ரூ.2,000, வரியில் ரூ.100 குறைத்து, நல்ல நிலையில் உள்ளவற்றை மட்டும் சரக்கிருப்பில் சேர்க்க வேண்டும்.

கமிஷன் ரூ.2,000, அனுப்பும் கட்டணம் ரூ.1,000 ஆகியவை தனித்தனிச் செலவுகள். அவற்றின் மீதான 18% வரியான ரூ.540, சந்தை தரும் பில் ஜிஎஸ்டி தளத்தின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் தெரிந்தால் உள்ளீட்டு வரிக் கழிவாகக் கிடைக்கும். திரும்பி வரும் பார்சலுக்கான கட்டணமும் செலவே. அதை விற்பனையில் கழிக்கக் கூடாது.

சந்தை பிடித்துக்கொள்ளும் ஜிஎஸ்டி டிசிஎஸ் ரூ.90 (நிகர விற்பனையில் 0.5%), வருமான வரி டிடிஎஸ் ரூ.20 (மொத்த விற்பனையில் 0.1%) ஆகியவை செலவல்ல, நமக்கு வர வேண்டியவை. டிசிஎஸ் தொகையை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றுக்கொண்டால்தான் ரொக்கப் பேரேட்டில் சேரும்.

இவை அனைத்தையும், வங்கி வரவையும் சந்தையின் கணக்கில் வரவு வைத்தபின் மீதி பூஜ்ஜியமாக வேண்டும். இல்லையெனில் சந்தையின் அறிக்கையில் உள்ள ஏதோவொரு பிடித்தம் கணக்கில் விடுபட்டிருக்கலாம்.