பூனை சோபாவைப் பிராண்டுகிறதா? முதலில் இந்தத் தவறுகளை நிறுத்துங்கள்

சேலத்தில் தெருவில் கிடைக்கும் பூனைக்குட்டிகளை வளர்த்து, நல்ல வீடு பார்த்துக் கொடுத்து வருகிறேன். குட்டி போய்ச் சேர்ந்த சில மாதங்களில் அந்த வீட்டிலிருந்து போன் வந்தால், பெரும்பாலும் சோபா விஷயம்தான். கேட்டால் ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அடிக்கக் கூடாது என்பதெல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பூனை பிராண்டுவதற்கென்று வாங்கும் ஸ்க்ராட்ச்சிங் போஸ்ட்டை யாரும் போகாத மூலையில் வைப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். இதனால் பூனைகள் வீட்டையே இழக்கின்றன.

அஸ்தம்பட்டியில் ஒரு வீடு. "அக்கா, அவ்வளவு காசு கொடுத்து ஸ்க்ராட்ச்சிங் போஸ்ட் வாங்கி வெச்சிருக்கோம். ஒரு தடவைகூடத் தொடலை. சோபா கையெல்லாம் நாசம். பூனையைத் திருப்பி எடுத்துக்கிறீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார். நேரில் போய்ப் பார்த்தேன். போஸ்ட் பின்பக்க பால்கனியில், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றது. உயரம் ஒன்றரை அடி. விரலால் தள்ளினாலே ஆடியது. பூனைக்கு ஒரு வயது தாண்டியிருந்தது.

பூனை ஏன் பிராண்டுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இது ஏன் பலிக்காது என்பதும் புரியும். நகத்தின் மேல் பழைய உறை கழன்று விழ வேண்டும், அதற்குப் பிராண்டும். தூங்கி எழுந்ததும் தோளையும் முதுகையும் நன்றாக நீட்டிச் சோம்பல் முறிக்க வேண்டும், அதற்கும் பிராண்டும். மூன்றாவது காரணத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாதத்தில் வாசனை விடும் சுரப்பிகள் இருக்கின்றன. பிராண்டும்போது 'இது என் இடம்' என்று வாசனையாகவும் கீறலாகவும் எழுதி வைக்கிறது. அதை எழுத வேண்டிய இடம், வீட்டு மனிதர்கள் உட்காரும், நடக்கும், தூங்கும் இடம். வாஷிங் மெஷின் பக்கத்தில் எழுதி யார் படிக்கப் போகிறார்கள்?

அந்த வீட்டில் கீறல்கள் எல்லாம் சோபாவின் ஒரே கையில், வாசல் பக்கம் இருக்கும் முன் முனையில், மேலிருந்து கீழாக இருந்தன. பூனை மதியம் அதே சோபாவில் தூங்குகிறது. எழுந்து இறங்கியதும் முதலில் கைக்கு எட்டுவது அந்த முனை. ஆக, இதற்கு நின்றபடி பிராண்டும் பொருள் வேண்டும், உயரமாக வேண்டும், அதே முனையில் வேண்டும். கீறல் மிதியடியிலும் கார்ப்பெட்டிலும் இருந்திருந்தால் தரையில் படுக்க வைக்கும் பலகையோ, அட்டைப்பெட்டியைக் கீற்றுகளாக வெட்டி நெருக்கமாக ஒட்டிய தட்டோ செய்யச் சொல்லியிருப்பேன்.

புதிதாக ஒன்றை வீட்டிலேயே செய்தோம். மூன்றடி உயர மரக் கட்டை. வளர்ந்த பூனை பின்னங்கால் ஊன்றி முழுதாக நீள அந்த உயரம் வேண்டும். அடியில் ஒன்றரை அடிச் சதுர பிளைவுட், அதன் மேல் எடைக்குக் கடப்பாக் கல். கட்டையில் கற்றாழை நார்க் கயிற்றை இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றி, மரப் பசையால் ஒட்டினோம். நகம் படும் இடத்தில் ஆணியோ ஸ்டேப்பிளோ இருக்கக் கூடாது. முடித்ததும் உச்சியை உள்ளங்கையால் பலமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். ஒரு முறை தன் மேல் சாய்ந்த போஸ்ட்டைப் பூனை மறுபடி நம்புவது கஷ்டம்.

அதைச் சோபாவின் அந்த முனையை ஒட்டியே நிறுத்தினோம். "ஹாலுக்கு அசிங்கமா இருக்குமே" என்று வீட்டுக்காரர் தயங்கினார். கிழிந்த சோபா அதைவிட அசிங்கம் என்று சொல்லிவிட்டேன். சோபா கையில் வழுவழுப்பான கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட்டைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டினோம். நகம் மாட்டாத இடத்தில் பூனைக்குப் பிராண்டும் சுகம் கிடைக்காது. பக்கத்திலேயே நகம் நன்றாக மாட்டும் கயிறு இருக்கிறது.

மதியத் தூக்கம் கலையும் நேரத்தில், போஸ்ட்டின் மேல் பாதியில் ஒரு நூலை மெதுவாக இழுத்து விளையாடச் சொன்னேன். எட்டிப் பிடிக்கிறபோது நகம் கயிற்றில் தானாக மாட்டும். பிராண்டியதும், அந்த இடத்திலேயே, உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி ஒரு துணுக்கு. சமையலறைக்குப் போய் எடுத்து வருவதற்குள் பூனை வேறு எதையாவது செய்திருக்கும். பரிசு அதற்குப் போய்விடும். அதனால் கறி முன்பே கையில் இருக்க வேண்டும்.

சில நாளில் போஸ்ட்டில் கீறல் விழுந்தது. சில வாரத்தில் எழுந்ததும் நேராக அதற்கே போனது. பிளாஸ்டிக் ஷீட்டை அப்போதும் உடனே எடுக்க விடவில்லை. அது பழக்கமாகி ஊறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிருந்து வெட்டி எடுத்தார்கள். பூனை அந்த வீட்டிலேயே இருக்கிறது.

பழகிவிட்டது என்று போஸ்ட்டைத் தூக்கி வேறு அறையில் வைப்பது

வைத்த அன்றே பூனை சோபாவுக்குத் திரும்பிவிடும். நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு நாளைக்கு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். ஹாலை விட்டு வெளியே கொண்டுபோகவே வேண்டாம்.

முன்னங்காலைப் பிடித்துப் போஸ்ட்டில் தேய்ப்பது

செய்யாதீர்கள். காலைப் பிடிப்பது பூனைக்குப் பிடிக்காது. போஸ்ட்டையும் சேர்த்து வெறுக்கும்.

தண்ணீர் பீய்ச்சுவது

இதை அடி இல்லை என்று நினைத்துச் செய்கிறார்கள். பூனை இதில் கற்றுக்கொள்வது, நீங்கள் பார்க்கும்போது பிராண்டக் கூடாது என்பதை மட்டும்தான். இரவில் சோபாவின் பின்பக்கம் போய்விடும். கூச்ச சுபாவமுள்ள பூனை உங்களைக் கண்டாலே ஒளியும். பயம் கூடினால் தன் இடம் என்று குறி வைக்கும் தேவையும் கூடும், பிராண்டுவதும் கூடும். சோபாவைப் பிராண்டுகிறபோது பார்த்துவிட்டால், சத்தம் போடாமல் நூலை எடுத்துப் போஸ்ட் பக்கம் இழுங்கள்.

நைந்த போஸ்ட்டைத் தூக்கிப் போடுவது

நார் நாராகத் தொங்கும் போஸ்ட்தான் பூனைக்குப் பிரியமானது. அதன் வாசனை அதில் இருக்கிறது. கயிறு அறுந்த பகுதியை மட்டும் மாற்றிச் சுற்றுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை: மழைக்காலத்தில் கயிறு பூஞ்சை பிடிக்கும். வெயில் வரும்போது சில மணி நேரம் காய வைத்து, அதே இடத்தில் திருப்பி வையுங்கள். அங்கே எஸ்டேட்டில் வெட்டிய சில்வர் ஓக் துண்டு கிடைத்தால், பட்டையோடு அப்படியே நிறுத்தலாம். கயிறே வேண்டாம்.

கேட்னிப்பை மட்டும் நம்புவது

கேட்னிப் என்பது வாசனையால் பூனைகளை ஈர்க்கும் ஒரு செடி. சில மாதக் குட்டிக்கு அது வேலை செய்யாது. வளர்ந்ததிலும் கணிசமான பூனைகள் கண்டுகொள்ளாது. நம் ஊரில் குப்பைமேனியின் வேரைத் தேடிவந்து புரளும் பூனைகள் உண்டு. கழுவிய வேரைக் கயிற்றில் லேசாகத் தேய்த்துப் பார்க்கலாம். தின்னக் கொடுக்காமல் வேரை எடுத்துப் போட்டுவிடுங்கள்.

நகத்தையே எடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேட்பது

அது விரலின் கடைசி எலும்பை வெட்டுவது. கேட்கவே கேட்காதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ரோஸ் நிறப் பகுதியைத் தொடாமல் நுனியை மட்டும் வெட்டினால் போதும்.

திடீர் மாற்றத்தைச் சேட்டை என்று நினைப்பது

போஸ்ட்டில் ஒழுங்காகப் பிராண்டிக்கொண்டிருந்த பூனை, திடீரென்று ஜன்னலோரத் திரையையும் வாசல் கதவையும் பிராண்டினால் வெளியே பாருங்கள். தெருப் பூனை ஒன்று காம்பவுண்டுக்குள் வர ஆரம்பித்திருக்கும். ஜன்னலின் கீழ்ப் பாதிக் கண்ணாடியில் பூனை பார்க்க முடியாத அளவுக்குப் பேப்பர் ஒட்டுங்கள். வெளியே சாப்பாடு வைக்கிறீர்கள் என்றால் ஜன்னலுக்குத் தள்ளி வையுங்கள். அந்த ஜன்னல் பக்கத்தில் இன்னொரு போஸ்ட்டும் வேண்டும். ஹாலில் இருப்பதை அங்கே மாற்றாதீர்கள்.